ஒரே பிறந்தநாளுக்கு 23 பேர் ஏன் போதும்? ln x ≤ x − 1 பற்றிய கேள்வி பதில்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: ln x ≤ x − 1 என்று நிரூபிக்க f(x) = x − 1 − ln x என்று எடுத்தேன். f′(1) = 0, f″(1) = 1 > 0. அதனால் 1-ல் சிறுமம், அங்கே மதிப்பு 0, நிரூபணம் முடிந்தது என்று எழுதினேன். ஒரு மதிப்பெண் குறைந்துவிட்டது. ஏன் சார்?

உங்கள் மூன்று வரியும் சரிதான்மா. ஆனால் f″(1) > 0 என்பது 1-க்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. x = 50-ல் வளைவரை கீழே இறங்கி 0-க்கும் அடியில் போய்விடாது என்பதற்கு அதில் உத்தரவாதம் இல்லை. நமக்கு வேண்டியது எல்லா நேர்ம x-க்கும் உண்மையான ஒன்று.

திருத்தம் சின்னதுதான். f′(x) = 1 − 1/x = (x − 1)/x. x நேர்மம் என்பதால் இதன் குறி முழுக்க மேலே உள்ள x − 1-ஐப் பொறுத்தது. 0-க்கும் 1-க்கும் இடையே எங்கும் குறை, 1-க்கு அப்புறம் எங்கும் மிகை. ஆக f இறங்கிக்கொண்டே வந்து, 1-ல் 0-ஐத் தொட்டு, பிறகு ஏறிக்கொண்டே போகிறது. அதனால் f எங்கும் 0-க்குக் கீழே வராது. சமம் ஆவதும் x = 1-ல் மட்டும்தான். f″-ஐ விட மனமில்லை என்றால், "f″(x) = 1/x², அது எல்லா x-லும் நேர்மம்" என்று எழுதினாலும் போதும். 1-ல் மட்டும் பார்த்ததுதான் அந்த ஒரு மதிப்பெண்.

பொறியியல் படித்தவர்: எதற்கு இவ்வளவு? ln(1+t) = t − t²/2 + t³/3 − … என்ற தொடரே போதுமே. t-யிலிருந்து கழித்துக்கொண்டே போகிறது, அதனால் ln(1+t) ≤ t. ஒரே வரி.

பாதி தூரத்துக்கு உங்கள் வழி சரி. t குறை எண் என்றால் (−1-க்கு மேல்) முதல் உறுப்புக்கு அடுத்த எல்லா உறுப்புமே குறை எண்கள், கேள்வியே இல்லை. 0 < t ≤ 1 என்றால் t²/2 எப்போதும் t³/3-ஐ விடப் பெரிது, அடுத்த ஜோடிகளும் அப்படியே, அதுவும் சரி.

t = 2 வைத்துப் பாருங்கள். உறுப்புகள் 2, −2, 8/3, −4, 32/5 என்று பெருத்துக்கொண்டே போகும். தொடர் ஒருங்காது, ln 3-ஐப் பற்றி அது எதுவும் சொல்லாது. 1-க்கு மேற்பட்ட t எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

வகைக்கெழு வேண்டாம் என்றால் பரப்பை வைத்துச் செய்யலாம், எனக்கு அதுதான் பிடித்த நிரூபணம். ln x என்பது 1/u வளைவரைக்குக் கீழே 1 முதல் x வரை உள்ள பரப்பு. 1-க்கு வலப்புறம் அந்த வளைவரையின் உயரம் 1-ஐத் தாண்டாது. எனவே பரப்பு, அகலம் x − 1-ம் உயரம் 1-ம் உள்ள செவ்வகத்துக்குள் அடங்கிவிடும். இடப்புறம் உயரம் 1-க்கு மேல், ஆகவே x முதல் 1 வரை பரப்பு குறைந்தது 1 − x. ஆனால் அங்கே ln x என்பது அந்தப் பரப்பின் எதிர்க்குறி, அதனால் ln x ≤ −(1 − x). இரண்டு பக்கமும் ஒரே முடிவு.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: கால்குலேட்டரில் log 0.5 போட்டால் −0.301 வருகிறது. x − 1 = −0.5. −0.301 பெரிதாச்சே, அசமன்பாடு தப்புதானே?

நீங்கள் அழுத்தியது 10 அடிமான மடக்கை. பக்கத்தில் இருக்கும் ln பொத்தானை அழுத்துங்கள், −0.693 வரும், சரியாகிவிடும். ஆனாலும் உங்கள் கேள்வியில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. y = x − 1 என்பது (1, 0) புள்ளியில் ln x-க்குத் தொடுகோடு, ஏனென்றால் அங்கே ln x-ன் சாய்வு சரியாக 1. 10 அடிமானத்தில் அந்தச் சாய்வு சுமார் 0.434, அதனால் கோடு வளைவரையைத் தொடாமல் வெட்டிக்கொண்டு போகிறது, 1-க்குச் சற்று இடப்புறம் அசமன்பாடு உடைகிறது. 2 அடிமானம் என்றால் வலப்புறம் உடையும்: 1.5-க்கு 0.585 வரும், 0.5-ஐ விடப் பெரிது. அடிமானம் e-க்கு மட்டும்தான் இது எங்கும் நிற்கும்.

அதே நபர்: e^π, π^e இதில் எது பெரிது என்று கேட்கிறார்கள். இதை வைத்துச் சொல்ல முடியுமா?

முடியும். x = π/e என்று போடுங்கள். ln π − 1 < π/e − 1. ஆகவே e ln π < π, அதாவது π^e < e^π.

தரவுப் பகுப்பாய்வு வேலையில் இருப்பவர்: p, q என்ற இரண்டு பரவல்களுக்கு இடையே கே.எல். விலக்கம், அதாவது Σ p ln(p/q), கணக்கிடுகிறேன். அது எப்போதும் 0 அல்லது மிகை என்று படித்தேன். எனக்கு −0.18 வருகிறது. தசமத் திருத்தப் பிழையாக இருக்குமா?

0.18 அளவுக்குத் திருத்தப் பிழை வராது. அந்த விதியே நம் அசமன்பாட்டிலிருந்து வருவதுதான், அதனால் எங்கே உடைந்தது என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு உறுப்பிலும் ln(q/p) ≤ q/p − 1. p-யால் பெருக்கிக் கூட்டினால் Σ p ln(q/p) ≤ Σq − Σp. குறி மாற்றினால், விலக்கம் ≥ Σp − Σq. இரண்டு கூட்டுத்தொகையும் 1 என்றால் வலப்பக்கம் 0. விலக்கம் −0.18 என்றால், உங்கள் q-க்களின் கூட்டுத்தொகை p-க்களின் கூட்டுத்தொகையை விடக் குறைந்தது 0.18 அதிகம்.

உதாரணத்துக்கு p = (0.5, 0.5), q = (0.6, 0.6) என்று தவறாக வந்திருந்தால் விலக்கம் ln(0.5/0.6) = −0.182. எல்லை −0.2.

முதலில் இரண்டு கூட்டுத்தொகைகளையும் அச்சிட்டுப் பாருங்கள். q = 0 ஆக உள்ள கட்டங்களை நிரல் தாண்டிவிடுகிறதா என்றும் பாருங்கள். அங்கே p இருந்தால் Σp குறைந்துபோகும், மைனஸ் வரக்கூடும் (உண்மையில் அங்கே விலக்கம் முடிவிலி). p = 0 கட்டங்களைத் தாண்டுவதில் மட்டும் ஆபத்து இல்லை, அது Σq-வைத்தான் குறைக்கும்.

அவரே: கூட்டுத்தொகை பார்த்தேன், q 1.2 வந்தது. நன்றி. ஆனால் திருத்தப் பிழையால் இந்த அசமன்பாடு உடையவே உடையாதா?

மிகச் சிறிய t-க்கு உடையும். பைத்தானில் போட்டுப் பாருங்கள்:

```
>>> import math
>>> math.log(1 + 1e-15) <= 1e-15
False
>>> math.log1p(1e-15) <= 1e-15
True
```

தப்பு log மேல் இல்லை. 1 + 1e-15 என்று கூட்டும்போதே கணினி அதைப் பக்கத்தில் இருக்கும் எண்ணுக்கு, சுமார் 1 + 1.11e-15-க்கு, நகர்த்திவிடுகிறது. log1p அந்தக் கூட்டலைத் தவிர்க்கிறது.

பள்ளிக் கணித ஆசிரியர்: 23 பேர் இருந்தால் இருவருக்கு ஒரே பிறந்தநாள் வர பாதிக்கு மேல் வாய்ப்பு என்று வகுப்பில் சொல்கிறேன். 22 பின்னங்களைப் பெருக்கிக் காட்டினால் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். இந்த அசமன்பாட்டால் சுருக்கமாகக் காட்ட வழி உண்டா ஐயா?

உண்டு, அதுவும் மிக அழகாக. யாருக்கும் பொருந்தாத நிகழ்தகவு

(1 − 1/365)(1 − 2/365) … (1 − 22/365).

மடக்கை எடுங்கள். ஒவ்வொரு உறுப்பிலும் ln(1 − k/365) ≤ −k/365. 1 முதல் 22 வரை கூட்டினால் 253. ஆக மொத்த மடக்கை அதிகபட்சம் −253/365 = −0.6931507. பாதியின் மடக்கை −ln 2 = −0.6931472. நம் எண் அதைவிடச் சற்றே கீழே இருக்கிறது, ஆகவே பொருந்தாத நிகழ்தகவு பாதிக்குக் குறைவு. வித்தியாசம் வெறும் 0.0000035! இந்த மயிரிழை தற்செயல்தான், ஆனால் பிள்ளைகளைக் கரும்பலகையில் ஏழு தசமம் வரை எழுதவிடுங்கள், தூங்கமாட்டார்கள். உண்மையான நிகழ்தகவு சுமார் 0.4927, அதாவது நம் எல்லை கொஞ்சம் தாராளமானது.

22 பேர் போதாது என்பதையும் இதே அசமன்பாடு காட்டும், அதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். x இருக்கும் இடத்தில் 1/x போட்டால் ln x ≥ 1 − 1/x என்று கீழெல்லை கிடைக்கும். x = 1 − k/365 என்றால் வலப்பக்கம் −k/(365 − k). 22 பேருக்கு k அதிகபட்சம் 21, எனவே பகுதி குறைந்தது 344. எல்லாவற்றிலும் 344 என்றே போட்டுக் கூட்டினால் மொத்த மடக்கை குறைந்தது −231/344 = −0.6715. இது −0.6931-க்கு மேலே. ஆக பொருந்தாத வாய்ப்பு பாதிக்கு மேல்.

பொறியியல் படித்தவர்: பிப்ரவரி 29-ஐ விட்டுவிட்டீர்களே. 366 போட்டாலும் அப்படியேதானே வரும்?

வராது. 253/366 = 0.6913, ln 2-க்குக் கீழே போய்விடுகிறது, நிரூபணம் நின்றுவிடும். முடிவு தப்பில்லை, எல்லைதான் போதவில்லை. இந்த இடத்தில் உங்கள் தொடர் கைகொடுக்கும்: ln(1 − t) ≤ −t − t²/2. இரண்டாவது உறுப்பு 0.0142 கூட்டித் தரும், மொத்தம் 0.7054, தாராளமாகத் தாண்டிவிடும்.

கணித ஆசிரியர்: இன்னொன்று. எங்கள் பள்ளியின் பழைய பதிவேட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஜூன் 1 என்றே இருக்கிறது, சேர்க்கும்போது எழுதியது. அங்கேயும் 23-தானா?

அங்கே 23 நிச்சயம் போதும், அவ்வளவு பேர் தேவையே இல்லை. இரண்டு நாள்களின் வாய்ப்பு a, b என்றால், யாருக்கும் பொருந்தாத நிகழ்தகவு a + b-யையும் ab-யையும் மட்டுமே சார்ந்தது. கூட்டுத்தொகை மாறாமல் இருக்க, ab பெரிதாவது இரண்டும் சமமாகும்போதுதான். ஆகவே நாள்கள் சமமற்றுப் போகப் போகப் பொருத்தம் கூடவே செய்யும். உங்கள் பதிவேட்டில் கண்ணை மூடிக்கொண்டு 10 பேரை எடுத்தால், ஜூன் 1 காரர்கள் ஒருவருக்கு மேல் வராமல் இருக்கும் வாய்ப்பு 0.8¹⁰ + 10 × 0.2 × 0.8⁹, சுமார் 0.376. அதாவது 10 பேரிலேயே 62 சதவீதத்துக்கு மேல் பொருத்தம்.

ஆனால் சரியான தேதி பதிவான இன்றைய பிள்ளைகளுக்கு 22 பேர் போதாது என்பதை நான் மேலே செய்த கணக்கு நிரூபிக்காது. அது எல்லா நாளும் சமம் என்று வைத்துப் போட்டது. நாள்வாரியான பிறப்பு எண்ணிக்கை சராசரியிலிருந்து கால்வாசிக்கு மேல் ஏறி இறங்கினால்தான் 22 பாதியைத் தாண்டும் என்பது என் தோராயக் கணக்கு. உங்கள் மாவட்டத்துப் பதிவு கையில் இருந்தால் 365 எண்களின் வர்க்கங்களைக் கூட்டிப் பாருங்கள், விடை அதில் இருக்கிறது.