தண்ணீர் குடித்தும் கெண்டைக்கால் பிடிக்கிறது

“நகராட்சி வெயில் எச்சரிக்கையில தண்ணீர் நிறைய குடிங்கன்னு போட்டிருக்காங்க. கான்கிரீட் வேலை. 5 லிட்டர் குடிச்சும் மதியம் கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது. 70 வயசு அப்பாவுக்கும் இதே அளவா?”

உங்களுக்குக் குறைவது பெரும்பாலும் உப்பு. வியர்வையோடு அது வெளியேற, நீங்கள் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றுகிறீர்கள். பிடித்ததும் நிழலில் உட்கார்ந்து காலை நீட்டுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்றை 1 லிட்டர் நீரில் முழுதாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். உப்புப் போட்ட நீர்மோரும் நீராகாரமும் நல்லவை. வேலையின்போது 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும்.

சிறுநீரைப் பாருங்கள். அடர்மஞ்சளாக இருந்தால் தண்ணீரும் போதவில்லை. வெளிறியிருந்தும் பிடித்தால் உப்புக்குறைவு காரணமாக இருக்கலாம். ஒரு மணி நேரத்தில் விடாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

அப்பாவுக்கு இதே அளவு வேண்டாம். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது, அதனால் கேட்காமலே அவ்வப்போது அரை டம்ளர் கொடுங்கள். இதயம், சிறுநீரகக் கோளாறோ நீர் மாத்திரையோ இருந்தால் மருத்துவர் சொன்ன அளவுதான். ஓஆர்எஸ்ஸும் மருத்துவரைக் கேட்டே.

யாருக்காவது பேச்சு குழறினால், உளறினால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.