அது 196-ஆ, 197-ஆ?

கேள்வி: தம்பி மூன்று வருஷம் ஜெர்மனியில் இருந்துவிட்டுத் தண்டையார்பேட்டைக்கே திரும்பிவிட்டான். அங்கே எடுத்த லைசென்ஸை இங்கே மாற்ற வேண்டும். கார்டு கார்கோ பெட்டியில் வருகிறது, கையில் இருப்பது போனில் எடுத்த போட்டோதான். டைப்பிங் சென்டரில் அதைப் பார்த்து இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தார்கள். பின்பக்கம் B வரிசையில் 196 என்று இருப்பதால் ‘கார், டூ வீலர் இரண்டும் ஓட்டலாம்’ என்று போட்டிருக்கிறார்கள். கடைசி வரிசையில் 01.06 என்று இருக்கிறது, அதை விட்டுவிட்டார்கள். ஆர்.டி.ஓ.வில் இதைக் கொடுக்கலாமா? ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போக செல்ஃப் டிரைவ் கார் எடுக்க இதைக் காட்டலாமா?

பதில்: இப்போதைக்கு அந்தத் தாளை எங்கேயும் காட்ட வேண்டாம். நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த எண் 196 இல்லை, 197 என்றுதான் நினைக்கிறேன். கடைசி இலக்கத்தின் மேல் ஃபிளாஷ் வெளிச்சம் விழுந்து, கோடு வளைவு போலத் தெரிகிறது.

போட்டோவில் மங்கிய எண்ணைக் கண்ணால் முடிவு செய்ய முடியாது. ஆனால் பக்கத்துக் கட்டங்களை வைத்துச் சரிபார்க்கலாம். ஐரோப்பிய லைசென்ஸ்களின் பின்பக்க அட்டவணை எல்லாம் ஒரே அமைப்புதான். 9-வது பத்தியில் வண்டிப் பிரிவு, 10-ல் அந்தப் பிரிவு முதலில் கிடைத்த தேதி, 11-ல் அது முடியும் தேதி, 12-ல் குறியீடுகள். தம்பியின் B வரிசையில் 10-ம் பத்தி 14.09.22 என்கிறது. முன்பக்கம் 4a, அதாவது கார்டு கொடுத்த தேதியும் அதே நாள்தான். ஆக, B கிடைத்த அன்றே அச்சான கார்டு இது. 196 என்பது கார் லைசென்ஸோடு 125 சிசி வரையிலான சின்ன பைக்கையும் ஓட்ட ஜெர்மனி தரும் சலுகை. 25 வயது ஆகியிருக்க வேண்டும், கையில் B வந்து ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும், தனியாகப் பயிற்சியும் முடிக்க வேண்டும். B கிடைத்த அன்றே அது ஏறியிருக்க வழியில்லை.

197 வேறு சங்கதி. ஆட்டோமேட்டிக் காரில் டெஸ்ட் கொடுத்தாலும், டிரைவிங் ஸ்கூலில் கியர் வண்டியில் குறைந்தது பத்து வகுப்பு எடுத்து, ஸ்கூல் வைக்கும் சின்னச் சோதனையிலும் தேறியவருக்கு 2021 ஏப்ரலிலிருந்து இதைப் போடுகிறார்கள். இரண்டு வகைக் காரும் ஓட்டலாம் என்று அர்த்தம். தம்பியிடம் ஒரு போன் போட்டு, ‘டெஸ்ட் எந்தக் காரில் கொடுத்தாய், பைக்குக்கு ஏதாவது வகுப்பு போனாயா’ என்று கேளுங்கள். பெட்டி வரும்வரை காத்திருக்காமலே பாதி விஷயம் தெளிவாகிவிடும்.

இதே இடத்தில் 78 என்று இருந்திருந்தால் கதை நேரெதிர்: ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும். ஆட்டோமேட்டிக் டெஸ்ட் என்று கேள்விப்பட்டதுமே 197-ஐயும் ‘ஆட்டோமேட்டிக் மட்டும்’ என்று மொழிபெயர்த்த தாள்களை நான் பார்த்திருக்கிறேன். எண்ணில் எத்தனை இலக்கம் என்று பாருங்கள். இரண்டு இலக்கத்தில் தொடங்குபவை (01, 78, 70 போன்றவை) ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கப் பொது. மூன்று இலக்க எண்கள் அந்தந்த நாட்டின் சொந்தக் குறியீடுகள், அந்த நாட்டு எல்லைக்குள்தான் செல்லும். உண்மையிலேயே 196 இருந்தாலும்கூட, ஜெர்மனியைத் தாண்டினால் அது பைக் லைசென்ஸ் ஆகாது. தாளில் ‘196: ஜெர்மனிக்குள் மட்டும் செல்லும் தேசியக் குறியீடு’ என்றுதான் எழுத வேண்டும்.

டூ வீலர் ஏன் இவ்வளவு முக்கியம்? நம் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 9-வது பிரிவு, வெளிநாட்டு லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு ஓட்டும் டெஸ்டிலிருந்து விலக்கு தருகிறது, ஆனால் அந்த லைசென்ஸில் இருக்கும் அதே வண்டி வகைக்கு மட்டும். மருத்துவச் சான்று தனியாக வேண்டும். அட்டவணையில் இல்லாத டூ வீலரைத் தாளில் சேர்த்தால், அசலோடு ஒப்பிடும்போதே மாட்டிக்கொள்வீர்கள். பிறகு சரியாக எழுதிய காரையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். AM என்ற வரிசை நிரம்பியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். B எடுத்தால் தானாகக் கூட வரும் மொபெட் பிரிவு அது, மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டிகளுக்கு. L என்பது டிராக்டர். இரண்டையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

B-ஐ ‘LMV’ என்று மாற்றி எழுதும் பழக்கமும் வேண்டாம். B என்பது மொத்த எடை 3,500 கிலோ வரை, டிரைவரைத் தவிர எட்டுப் பேர் வரை. நம் LMV-யின் வரம்பு 7,500 கிலோ. இரண்டும் ஒன்றா என்று முடிவு செய்வது ஆர்.டி.ஓ.வின் வேலை. மொழிபெயர்ப்பவர் கார்டில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும், எது எதற்குச் சமம் என்று தீர்ப்பு சொல்லக்கூடாது.

01.06-ஐ விட்டது இன்னொரு தவறு. கண்ணாடி அல்லது கான்டாக்ட் லென்ஸ் அணிந்துதான் ஓட்ட வேண்டும் என்பது அதன் பொருள். அட்டவணையின் கடைசி வரிசையில் இருப்பதால் எல்லாப் பிரிவுக்கும் சேர்த்துப் பொருந்தும். B வரிசைக்குள் இருந்திருந்தால் B-க்கு மட்டும். எனவே தாளிலும் அட்டவணையைக் கட்டம் கட்டமாகவே அடிக்கச் சொல்லுங்கள். பத்தியாக எழுதினால் எந்தக் குறியீடு எதற்கு என்பது காணாமல் போகும். B வரிசை இப்படி வரலாம்:

```
9: B | 10: 14.09.22 | 11: - | 12: 197
```

கீழே ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு வரி விளக்கம் போதும். 11-ல் கோடு இருந்தால் கோடு என்றே இருக்கட்டும், ‘ஆயுள் முழுவதும்’ என்று யாரும் பூர்த்தி செய்ய வேண்டாம். முன்பக்கத்து 4b கார்டின் ஆயுள், பெரும்பாலும் 15 வருஷம். அதையும் 11-வது பத்தியையும் கலக்கக்கூடாது. பெயரில் 1 என்பது குடும்பப் பெயர், 2 என்பது சொந்தப் பெயர். நம் வீடுகளில் 1-ல் அப்பா பெயர் இருக்கும். அதை இனிஷியலாகச் சுருக்கினால் பாஸ்போர்ட்டோடு ஒட்டாது.

போட்டோவை மறுபடி எடுக்க வேண்டும். பெட்டி வந்ததும் கார்டைக் கருப்புத் துணிமேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் இரண்டு பக்கமும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் பொடி எழுத்து நசுங்கிவிடும். அப்புறமும் படிக்க முடியாத எழுத்து இருந்தால் ‘தெளிவில்லை’ என்று தாளில் போடுவதுதான் நேர்மை. லைசென்ஸ் எண்ணில் பூஜ்யமா, O-வா என்று ஊகிப்பதைவிட அது எவ்வளவோ மேல். யாருடைய முத்திரை உள்ள மொழிபெயர்ப்பை ஏற்பார்கள் என்பதை, பணம் கட்டும் முன் ஆர்.டி.ஓ. கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

மாற்றுவதற்கு முன் ஒன்று: ஜெர்மனி போகும் முன் தம்பியிடம் இங்கத்திய லைசென்ஸ் இருந்ததா? அது இன்னும் செல்லுபடியாகும் என்றால் இந்த வேலையே வேண்டாம். ஒருவர் இரண்டு இந்திய லைசென்ஸ் வைத்திருக்கவும் முடியாது.

திருத்தணிக்கு வாடகைக் கார் வேண்டாம் என்பேன். சர்வதேச பர்மிட்டை லைசென்ஸ் கொடுத்த நாடுதான் தர வேண்டும், ஜெர்மன் லைசென்ஸுக்கு நம் ஆர்.டி.ஓ. தர முடியாது. அது இல்லாமல், போட்டோவையும் டைப்பிங் சென்டர் தாளையும் மட்டும் காட்டி எடுத்த வண்டி எங்காவது இடித்தால் இன்சூரன்ஸில் முதல் கேள்வியே லைசென்ஸைப் பற்றித்தான் வரும். தமிழ்நாட்டு லைசென்ஸ் உள்ள மாமனோ சித்தப்பாவோ ஓட்டட்டும், தம்பி பக்கத்து சீட்டில் உட்காரட்டும்.