குரூப்ல கோர்த்து விடுறதுக்கு முன்னாடி

வணக்கம் அண்ணா. என் ஃப்ரெண்ட் மலையாளத்துல இருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறா. எனக்குத் தெரிஞ்ச பதிப்பாளர் ஒருத்தர் இருக்கார். ரெண்டு பேருக்கும் நல்லதுதானேன்னு போன டிசம்பர்ல வாட்ஸ்அப்ல குரூப் ஆரம்பிச்சு, "நீங்க ரெண்டு பேரும் அவசியம் பேசணும்"னு போட்டேன். ரெண்டே நாள்ல சார் குரூப்பை விட்டுப் போயிட்டார். ஃப்ரெண்ட் என்னாச்சுன்னு கேக்குறா, எனக்கு சங்கடமா இருக்கு. எப்படி செஞ்சிருக்கணும்?
– கோவையிலிருந்து ஒரு வாசகி

வணக்கம்மா. அவர் கோபத்துல போயிருப்பார்னு எனக்குத் தோணல. எதுக்குப் பேசணும்னு தெரியல, வேணாம்னு சொல்லணும்னா அந்தப் பொண்ணு கண்ணு முன்னாடியே சொல்லணும், நம்பரும் அதுக்குள்ள போயிடுச்சு, அவருக்கு வேற வழி என்ன இருந்துச்சு சொல்லுங்க. அதுவும் டிசம்பர். ஜனவரி சென்னை புத்தகக் காட்சிக்கு அச்சகமும் அட்டையும் ப்ரூஃபும்னு ஓடிட்டிருக்குற நேரத்துல எந்தப் பதிப்பாளரும் புதுசா ஒண்ண உக்காந்து படிக்க மாட்டார்.

முதல்ல உங்க ஃப்ரெண்ட்கிட்ட என்ன வேணும்னு கேளுங்க. "வாய்ப்பு வேணும்"னு சொன்னா பத்தாது, ஒரு அத்தியாயம் படிச்சுப் பாக்கணுமா, இல்ல அவங்க குடுக்குற நாவலை இவ மொழிபெயர்க்கணுமா, ரெண்டும் வேற வேற. அப்புறம் அவளையே அஞ்சாறு வரி எழுதித் தரச் சொல்லுங்க, நீங்க அப்படியே ஃபார்வர்ட் பண்ற மாதிரி. அதுல அனுமதி விஷயம் கண்டிப்பா இருக்கணும். நம்ம நாட்டுல எழுத்தாளர் இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்புரிமை உண்டு, அதனால பதிப்பாளர் முதல்ல கேக்குறதே மூல ஆசிரியரோ குடும்பமோ சம்மதிச்சாங்களான்னுதான். அது இல்லாம எவ்வளவு நல்ல மொழிபெயர்ப்பா இருந்தாலும் அவரால ஒண்ணும் பண்ண முடியாது. இந்த அஞ்சு வரிய எழுத உக்காரும்போதே நாம இன்னும் தயாராகலைன்னு சில பேருக்குத் தெரிஞ்சுடும், அதுவும் நல்லதுதான்.

குறிப்பு வந்ததும் பதிப்பாளருக்கு மட்டும் தனியா அனுப்புங்க. நான்னா இப்படி எழுதுவேன்:

"சார் வணக்கம். என் ஃப்ரெண்ட் ஒரு மலையாள நாவலை மொழிபெயர்த்திருக்கா, தமிழ்ல 160 பக்கம் வரும், ஆசிரியர் எழுத்துல அனுமதி குடுத்திருக்கார். நான் முதல் மூணு அத்தியாயம் படிச்சேன், நடை நல்லா இருக்கு. நீங்க மலையாள நாவல்கள் போடுறதால உங்ககிட்ட கேக்குறேன். அவ குறிப்பு கீழ இருக்கு. பாக்கலாம்னு தோணுனா சொல்லுங்க, மெயில்ல சேர்த்து விடுறேன். இப்ப வேணாம்னா பதில் போடக்கூட வேணாம், நான் புரிஞ்சுக்குறேன். உங்க நம்பரை அவகிட்ட குடுக்கல."

கடைசி மூணு வரிய விட்டுடாதீங்க. சும்மா இருந்தாலே வேணாம்னு அர்த்தம்னு நீங்களே சொல்லிட்டதால அவர் சாக்கு தேட வேண்டியதில்ல. அதே மாதிரி, நீங்க எவ்வளவு படிச்சீங்களோ அதை மட்டும் சொல்லுங்க, மூணு அத்தியாயம் படிச்சிட்டு மொத்த நாவலுக்கும் ஜாமீன் குடுக்காதீங்க.

இந்த நேரத்துல ஃப்ரெண்ட்கிட்ட பதிப்பாளர் பேரை சொல்ல வேணாம். "ஒருத்தர்கிட்ட கேட்டிருக்கேன், அமையலாம் அமையாமலும் போகலாம்"னு சொன்னா போதும். பேர் தெரிஞ்சா அவர் சும்மா இருந்ததே அவளுக்கு நிராகரிப்பா தெரியும், நாளைக்குப் புத்தகக் காட்சி ஸ்டால்ல ரெண்டு பேரும் நேர்ல பாத்தா சங்கடம்.

சரின்னு சொல்லிட்டார்னு வைங்க. அப்ப ஃப்ரெண்ட்கிட்டயும் ஒரு தடவை கேளுங்க, ஏன்னா இந்தப் பதிப்பகத்தோட அவளுக்கு வேற ஏதாவது பழைய கசப்பு இருக்கலாம், உங்களுக்குத் தெரியாது. அவளும் சரின்னா ரெண்டு பேருக்கும் ஒரே மெயில், நாலு வரி, அடுத்தது யார் எழுதணும்னு அதுலயே சொல்லிடணும். கேக்குறவதான் முதல்ல எழுதணும், அதுவும் அன்னிக்கே. அவ பதில் போடும்போது உங்களை Bcc-க்கு மாத்திட்டா, பேச்சு ஆரம்பிச்சிடுச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும், அதுக்கப்புறம் வர்ற மெயில்ல நீங்க இருக்க மாட்டீங்க.

இதை இவ்வளவு அழுத்தி சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பல வருஷம் முன்னாடி நானும் கேக்காம ஒருத்தரை ஒரு எடிட்டர்கிட்ட சேர்த்து விட்டேன். என் முகத்துக்காக அவர் "அனுப்பச் சொல்லுங்க"ன்னுட்டார். கையெழுத்துப் பிரதி ஆறு மாசம் அவர் மேசையில கிடந்துச்சு, இவர் வேற எங்கயும் அனுப்பாம காத்திருந்தார், கடைசியில இல்லைன்னுதான் வந்துச்சு. முதல் நாளே வேணாம்னு சொல்ல நான் வழி விட்டிருந்தா அந்த ஆறு மாசம் அவருக்கு மிஞ்சியிருக்கும்.

இப்ப செய்ய வேண்டியது, அந்தக் குரூப்பை எடுத்துடுங்க. சாருக்கு ஒரே வரி, "கேக்காம சேர்த்துட்டேன் சார், மன்னிச்சுக்குங்க", அதோட நிறுத்திக்குங்க, அதுலயே நாவலைப் பத்தி மறுபடி ஆரம்பிக்காதீங்க. ஃப்ரெண்ட்கிட்ட "தப்பு என்னோடது, அவரைக் கேக்காம சேர்த்துட்டேன்"னு சொல்லிடுங்க, அவ எழுத்துதான் பிடிக்கலையோன்னு நினைச்சிட்டிருப்பா. புத்தகக் காட்சி முடிஞ்சு பிப்ரவரி கடைசி வரைக்கும் விட்டுட்டு, அனுமதிக் கடிதம் கையில இருந்தா, மேல சொன்ன மாதிரி தனியா ஒரு தடவை கேட்டுப் பாருங்க, நம்பர்தான் குரூப்லயே போயிடுச்சே, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க.