பத்து லாட் பாஸ் ஆனால் சோதனையைக் குறைக்கலாமா?

"அம்பத்தூரில் சிறிய பம்ப் கம்பெனி நடத்துகிறேன். பித்தளை புஷ் தருபவரிடமிருந்து வரிசையாக வந்த பத்து லாட்டும் பாஸ். இனி மூன்றில் ஒன்றைச் சோதித்தால் போதும் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா, ஐயா?"

ஒப்புக்கொள்ளலாம். ஆனால் முதலில் அந்தப் பத்து லாட்டின் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். லாட்டுக்கு 1,000 புஷ், ஏ.க்யூ.எல். என்கிற ஏற்கத்தக்க பழுது அளவு 1 சதவீதம் என்றால், வழக்கமான அட்டவணைப்படி 80 எடுத்துச் சோதிப்பீர்கள். 2 பழுது வரை பாஸ், 3 வந்தால் ரிஜெக்ட். 2 பழுதோடு தட்டுத்தடுமாறிப் பாஸான லாட்டைச் சலுகைக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வந்த இடத்தில் எண்ணிக்கையை மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். 1 பழுதுக்குள் நின்ற பத்து லாட் வரிசையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, எந்த லாட்டைச் சோதிப்பது? பலர் 3, 6, 9 என்று வரிசை போட்டுவிடுகிறார்கள். மென்பொருளும் அப்படியே டிக் போட்டுக் கொடுக்கிறது, ஆடிட்டரும் தலையாட்டிவிட்டுப் போகிறார். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். வரிசை தெரிந்த சப்ளையர் நல்ல சரக்கை எந்த லாரியில் ஏற்றுவார் என்று நான் சொல்ல வேண்டுமா? ஆகவே சரக்கு இறங்கி ஜி.ஆர்.என். என்கிற வரவுச் சீட்டு போட்ட பிறகு ஒரு தாயக்கட்டை உருட்டுங்கள். ஆறு பக்கக் கட்டையில் 1 அல்லது 2 விழுந்தால் சோதனை, மற்றபடி நேரே ஸ்டோருக்கு. சோதிக்கும் லாட்டில் முழு 80 உருப்படியையும் பாருங்கள், அதில் குறைக்கக் கூடாது. அப்படிச் செய்தாலும் மோசமான மூன்று லாட் அடுத்தடுத்து வந்தால், மூன்றுமே பார்க்கப்படாமல் உள்ளே போக ஏறக்குறைய 30 சதவீதம் வாய்ப்பு உண்டு. இது தாங்காது என்றால் இரண்டில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சப்ளையர் உண்மையிலேயே லேத் வைத்திருக்கிறாரா? இதை நேரில் போய்ப் பாருங்கள். நடுவில் நிற்கும் டிரேடர் இன்று ஒரு ஷெட்டில் கடைவார், நாளை விலை குறைந்த இன்னொரு ஷெட்டில் கொடுப்பார். இன்வாய்ஸில் மட்டும் பெயர் மாறாது. அவர் நீட்டும் சான்றிதழ் கட்டு எத்தனை கனமாக இருந்தாலும், பத்து லாட்டும் ஒரே இடத்தில், ஒரே முறையில் கடைந்தவை என்று அது சொல்லாது. ஒரே தயாரிப்பு முறையின் நிலைத்தன்மையை நம்பித்தான் லாட்டை விடுகிறோம். இடமோ பித்தளைக் கம்பி வாங்கும் கடையோ மாறினால் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும், மறைத்தால் சலுகை ரத்து என்று பர்சேஸ் ஆர்டரிலேயே போடுங்கள். டிரேடர் அதில் கையெழுத்துப் போட மறுத்தால், ஒவ்வொரு லாட்டையும் சோதித்துக்கொண்டே இருங்கள்.

உயிருக்கு ஆபத்து வரக்கூடிய பாகம் எதற்கும் இந்தச் சலுகை கிடையாது.

ஒரு லாட் ரிஜெக்ட் ஆன அன்றே எல்லா லாட்டையும் சோதிக்கும் பழைய முறைக்குத் திரும்புங்கள். அதற்கு முன் சோதிக்காமல் உள்ளே போன லாட்டில் மிச்சம் ஸ்டோரில் இருந்தால், அசெம்பிளிக்குப் போவதற்குள் அதிலும் 80 எடுத்துப் பாருங்கள்.