பார்த்துவிட்டு ஏறக் கூடாதா?

கேள்வி: இரவு விமானம். தரையிறங்கப் போகும் நேரத்தில் திடீரென்று மூக்கைத் தூக்கி மேலே ஏறியது. "மலை எச்சரிக்கை ஒலித்தது" என்றார் கேப்டன். அது தப்பான எச்சரிக்கையாகவும் இருக்கலாமே, கொஞ்சம் பார்த்துவிட்டு ஏறக் கூடாதா?

பதில்: கூடாது. பார்ப்பதற்கு அங்கே நேரம் கிடையாது. விமானத்தில் உள்ள கருவிக்கு ஜிபிஎஸ் வழியாகத் தன் இடம் தெரியும். மலை, குன்றுகளின் உயரம் அதன் நினைவகத்திலேயே இருக்கிறது. இதே போக்கில் போனால் எங்கே மோதும் என்று கணக்குப் போட்டு, சுமார் ஒரு நிமிடம் முன்பே எச்சரிக்கும். சுமார் அரை நிமிடம்தான் மிச்சம் என்றால் "புல் அப்", அதாவது "மேலே தூக்கு" என்று கத்தும்.

அதைக் கேட்டதும் விமானி தானியங்கியை விடுவித்து, இறக்கைகளைச் சமமாக்கி, மூக்கைத் தூக்கி, எஞ்சினுக்கு முழு விசை கொடுப்பார். வேகத்தடைத் தகடுகள் விரிந்திருந்தால் மடக்குவார். சக்கரத்தையும், இறக்கையின் பின்னால் நீளும் ஃபிளாப் தகடுகளையும் அப்போது தொடமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பாதுகாப்பான உயரம் வந்த பிறகுதான் மற்றப் பேச்செல்லாம்.

பயிற்சியில் நான் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: "கருவி தப்பாகச் சொல்கிறது" என்று முதலில் தோன்றும் எண்ணத்தை நம்பாதீர்கள். 2012 மே 9 அன்று இந்தோனேசியாவின் சலாக் மலையில் சுகோய் சூப்பர்ஜெட் விமானம் மோதி 45 பேர் இறந்தார்கள். விமானத்தை வாங்க வந்தவர்களுக்குக் காட்டுவதற்காகப் பறந்த விமானம் அது. மலை மேகத்துக்குள் இருந்தது. மோதலுக்கு 38 விநாடி முன் எச்சரிக்கை வந்தது. தரவில் ஏதோ கோளாறு என்று நினைத்து கேப்டன் கருவியை அணைத்துவிட்டார். முதல் எச்சரிக்கைக்குப் பின் 24 விநாடிக்குள் ஏறியிருந்தால்கூடத் தப்பியிருக்கலாம் என்று விசாரணையில் செய்த பாவனைப் பறத்தல் காட்டியது. அந்த மலைப் பகுதிக்குத் தரைக் கட்டுப்பாட்டிலாவது விமானம் தாழ்ந்தால் எச்சரிக்கும் ஏற்பாடு இருந்ததா என்றால், அதுவும் இல்லை. ஒரு மலையைச் சுற்றிக் குறைந்தபட்ச உயரத்தை வரையறுத்து வைக்க என்ன கஷ்டம்? எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. நல்ல பகல் வெளிச்சம், மேகமில்லை, மலை எங்கே இருக்கிறது என்று கண்ணால் தெளிவாகத் தெரிகிறது, மோத வாய்ப்பில்லை என்று இரண்டு விமானிகளும் உறுதியாகச் சொல்ல முடிகிறது என்றால் போக்கை மாற்றாமல் இறங்கலாம். இதில் "உறுதியாக" என்ற சொல்தான் முக்கியம். மங்கலாகத் தெரிந்தால் அது தெரிவதல்ல. ஒருவர் மட்டும் பார்த்தாலும் போதாது. பல நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கும் விதியும் ஏறக்குறைய இதுவே. ஆனால் இரவிலும் மேகத்திலும் இந்த விலக்கு இல்லை. நீங்கள் போனது இரவு விமானம்.

இப்போது சில நாடுகளின் வானில் ஜிபிஎஸ் சமிக்ஞையைக் குலைக்கிறார்கள். அதனால் நடுவானிலேயே பொய்யாக "புல் அப்" கேட்கிறது. இதைக் கேட்டுக் கேட்டு விமானிகளுக்குக் காது மரத்துப்போய்விடுமோ என்பதுதான் இப்போதைய என் பயம்.