பிறந்தநாளுக்குப் பிறகு ஏன் லைக் குறைந்தது?

"எனக்கு 30 வயது, கோவையில் வேலை. ஆறு மாதமாக ஒரு டேட்டிங் ஆப்பில் இருக்கிறேன். முதல் வாரமே 11 மேட்ச் வந்தது. அப்புறம் வாரத்துக்கு ஒன்றிரண்டு. இரண்டு மாதம் முன்பு பிறந்தநாள் வந்தது, அதிலிருந்து அதுவும் இல்லை. மூன்று முறை பணம் கட்டி பூஸ்ட் போட்டேன். அந்த அரை மணி நேரம் நாலைந்து லைக் வரும், பிறகு பழையபடிதான். 'உன் ஸ்கோர் இறங்கிவிட்டது. கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு, எல்லோருக்கும் லைக் போடு' என்கிறான் அறைத்தோழன். செய்யலாமா?"
– பெயர் வேண்டாம், கோவை

இரண்டுமே வேண்டாம். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்கள்: பிறந்தநாள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

எந்த ஆப் என்று நீங்கள் எழுதவில்லை. தன் வேலை முறையைப் பற்றி ஓரளவு வெளிப்படையாகப் பேசியது டிண்டர் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். மற்றவையும் பெரும்பாலும் இதே அச்சில்தான் ஓடுகின்றன.

ஒரு பெண்ணின் திரையில் நீங்கள் வருவதற்கு முன் ஒரு வடிகட்டல் நடக்கிறது. வயது, தூரம் இரண்டுக்கும் நீங்கள் வரம்பு வைத்திருப்பீர்கள். அவரும் வைத்திருப்பார். இரண்டு பக்கமும் பொருந்தினால்தான் பேச்சே. நம் வரம்பு நமக்கு நினைவிருக்கும், எதிர்ப்பக்கம் ஒன்று இருப்பது மறந்துபோகும். ஒரு பெண் 25 முதல் 29 வரை என்று வைத்திருக்கிறார் என்று வையுங்கள். 29 வயதில் அவர் திரையில் நீங்கள் இருந்தீர்கள். 30 பிறந்த அன்று காலையில் இல்லை. அவர் உங்களை நிராகரிக்கவில்லை, ஆப்பும் தண்டிக்கவில்லை. வயது வரம்பை 29, 30, 35 என்று தோதான ஓர் இடத்தில் நிறுத்துவதுதான் மனித வழக்கம். அதனால் அந்த எண்களைத் தாண்டும்போது ஒரேயடியாகப் பலருடைய திரையிலிருந்து விழுந்துவிடுவோம். தூரமும் அப்படித்தான். நீங்கள் 60 கிலோமீட்டர் வைத்திருந்தாலும், திருப்பூரில் இருப்பவர் 20 வைத்திருந்தால் அவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

அவருடைய வரம்பை நீங்கள் மாற்ற முடியாது. உங்களுடையதை முடியும். ஆறு மாதத்துக்கு முன் கணக்குத் தொடங்கியபோது மேல் வரம்பை 27, 28 என்று வைத்துவிட்டு மறந்திருக்கிறீர்களா, பாருங்கள். அப்படியென்றால் 30 வயது ஆணை ஏற்கத் தயாராக இருக்கும் 29, 31, 32 வயதுப் பெண்களை நீங்களே கதவுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள். உங்களுக்கு மனம் ஒப்பும் அளவுக்கு அதை ஏற்றுங்கள். இதற்குப் பைசா செலவில்லை. உங்கள் விஷயத்தில் எந்த பூஸ்டையும்விட இதுதான் பலன் தரும் என்று நினைக்கிறேன்.

வடிகட்டலுக்குப் பிறகுதான் வரிசை. உங்கள் தோழர் சொல்லும் 'ஸ்கோர்' இங்கே வருகிறது. அது வெறும் வதந்தி இல்லை, பழைய செய்தி. சதுரங்க வீரர்களைத் தரப்படுத்த அர்பாத் ஈலோ என்பவர் உருவாக்கிய புள்ளிமுறையைப் போன்ற ஒன்றை டிண்டர் வைத்திருந்தது 2016இல் வெளியே தெரிந்தது. அதிக லைக் வாங்கும் ஒருவர் உங்களுக்கு லைக் போட்டால் உங்கள் மதிப்பு கூடுதலாக ஏறும். பலமான ஆட்டக்காரரை வென்றால் அதிகப் புள்ளி கிடைப்பது போலத்தான். 2019 மார்ச்சில், அதை இப்போது நம்பியிருக்கவில்லை என்று டிண்டரே அறிவித்தது. முக்கியமாகப் பார்ப்பது ஆப்பை நீங்கள் பயன்படுத்துகிறீர்களா என்பதைத்தான் என்றும், ஒரே நேரத்தில் ஆப்பில் இருப்பவர்களை ஒருவருக்கொருவர் முன்னால் காட்டுவதாகவும் சொன்னது. உங்களுக்கு விழும் லைக்கும் நிராகரிப்பும் இன்னும் கணக்கில் உண்டு. ஆனால் ஒருமுறை இறங்கினால் அதோடு முடிந்தது என்று சொல்லும் மதிப்பெண் பட்டியல் அல்ல அது. பத்து நாள் திறக்காமல் இருந்துவிட்டு ஒரே இரவில் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் பத்து நிமிடம் பார்ப்பது நல்லது.

அப்புறம் பூஸ்ட். டிண்டரில் அது உங்கள் பகுதியில் உங்களை 30 நிமிடம் வரிசையின் முன்பக்கத்துக்குக் கொண்டுவருகிறது. நேரம் முடிந்ததும் பழைய இடம். 'பூஸ்ட் போட்டால் அதன் பிறகும் ஏற்றம் நிற்கும்' என்பது வெறும் நம்பிக்கைதான். இரண்டு எண்களைப் பிரித்துப் பார்த்தால் இது புரியும்: எத்தனை பேர் பார்க்கிறார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போடுகிறார்கள். பூஸ்ட் முதல் எண்ணை மட்டும் தூக்கும். ஒரு கணக்குக்கு, நூறு பேர் பார்த்து நான்கு பேர் லைக் போட்டார்கள் என்று வைத்துக்கொண்டால், உங்கள் படத்துக்குக் கிடைப்பது நூற்றுக்கு நான்கு. பூஸ்ட் இல்லாத நாளில் பத்து பேர்தான் பார்த்தார்கள் என்றால், லைக் அரை லைக்குக்கும் கீழேதான் நிற்கும். படம் அதேதான், பார்வைதான் குறைவு.

இது ஆணுக்கு மோசமான எண்ணும் அல்ல. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சோதனைக்காக உருவாக்கிய டிண்டர் கணக்குகளிலிருந்து கண்ணில் பட்ட எல்லோருக்கும் லைக் போட்டுப் பார்த்தார்கள். ஆண் கணக்குகளுக்கு மேட்ச் ஆனது 0.6 சதவீதம், பெண் கணக்குகளுக்கு 10.5 சதவீதம். அரை மணி நேரத்தில் நாலைந்து பேருக்கு உங்களைப் பிடித்திருக்கிறது என்றால், உங்கள் குறை படத்திலும் அறிமுக வரியிலும் இல்லை என்றே படுகிறது. பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். பிறந்தநாள் கதையோடு இது ஒத்துப்போகிறது. பூஸ்டில் கூட்டம் வந்தும் லைக்கே விழாமல் இருந்திருந்தால், முதல் படத்தை மாற்றுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

அடுத்தடுத்து பூஸ்ட் போடுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. கோவை போன்ற ஊரில் உங்கள் வரம்புக்குள் வருகிறவர்கள் கடல் போல இல்லை. முதல் பூஸ்டில் உங்களைப் பார்த்து ஒதுக்கியவர்களிடம் இரண்டாவது பூஸ்டும் உங்களைக் கொண்டுபோவதில் பயனில்லை. புதிதாகப் பார்க்க ஆள் சேர வேண்டும். வாங்கியே தீர வேண்டும் என்றால் வரம்பை மாற்றிய பிறகு ஒன்று போடுங்கள், அதுவும் ஆட்கள் ஆப்பில் இருக்கும் இரவு நேரத்தில். அலுவலக மதிய இடைவேளையில் போட்டால் பாதிப் பணம் வீண்.

கணக்கை அழித்துத் தொடங்கினால் முதல் வாரம் சூடாக இருக்கும், உண்மை. ஆனால் அந்த 11 மேட்ச் எப்படி வந்தது என்று யோசியுங்கள். உங்களைப் பிடிக்கக்கூடியவர்கள் யாருமே அதுவரை உங்களைப் பார்த்திருக்கவில்லை, எல்லோரும் ஒரே வாரத்தில் பார்த்தார்கள். இப்போது அழித்தால் இருக்கும் மேட்ச், பேச்சு எல்லாம் போகும், வேண்டாம் என்றவர்களிடம் மறுபடி போய் நிற்பீர்கள், வயது அப்போதும் 30தான். வயதைக் குறைத்துப் போடும் யோசனையும் தோழரிடமிருந்து வரலாம். தயவுசெய்து வேண்டாம். முதல் சந்திப்பிலேயே நீங்கள் பொய்யோடு எதிரே உட்கார வேண்டியிருக்கும், அந்தப் பெண்ணுக்கும் அது அநியாயம்.

எல்லோருக்கும் லைக் போடுவது நேர் எதிர் பலன் தரும். உங்களுக்கு யாரைப் பிடிக்கும் என்று ஆப் கற்பது உங்கள் தேர்விலிருந்துதான். எல்லோரையும் தேர்ந்தெடுத்தால் அது எதையும் கற்காது. இலவசக் கணக்கில் லைக்குக்கு வரம்பும் உண்டு, உங்களுக்கு உண்மையில் பிடித்தவர் வரும்போது அது தீர்ந்திருக்கும். ஆண்கள் கண்டபடி லைக் போட, பெண்கள் இன்னும் கறாராகத் தேர்ந்தெடுக்க, அதைப் பார்த்து ஆண்கள் இன்னும் கண்டபடி போட, இந்தச் சுழலை அந்த 2016 ஆய்வே சுட்டிக்காட்டியது.

இன்றிரவு மேல் வரம்பையும் தூரத்தையும் சரிபாருங்கள். மூன்று வாரம் பூஸ்ட் இல்லாமல் தினமும் சிறிது நேரம் பயன்படுத்தி, வரும் மேட்ச்சைக் குறித்து வையுங்கள். அது பழையபடி வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று எட்டினால், குறை வடிகட்டலில்தான் இருந்திருக்கிறது. எட்டாவிட்டால் அந்த எண்ணோடு எனக்கு மறுபடி எழுதுங்கள், முதல் படத்திலிருந்து பார்ப்போம்.