சரிவக விதி, நடுப்புள்ளி விதி: பிழை வரம்பு பற்றி வந்த கேள்விகள்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் e^(−x²) பற்றியவைதான். அதன் தொகையீட்டை sin, log, அடுக்கு மாதிரி வழக்கமான சார்புகளால் எழுத முடியாது, அதனால் எண்முறையைத்தான் நாட வேண்டும். நானும் 0 முதல் 1 வரையிலான அந்த ஒரே தொகையீட்டை வைத்தே பெரும்பாலும் பதில் சொல்கிறேன். உண்மை மதிப்பு 0.746824.

கே: பிழை 0.0001-க்குள் இருக்க வேண்டும் என்றால் எத்தனை பட்டைகளாகப் பிரிக்க வேண்டும்? குத்துமதிப்பாக 10, 20 என்று போட்டுக்கொண்டிருக்கிறேன்.

குத்துமதிப்பு வேண்டாம், கணக்குப் போடுவதற்கு முன்பே n-ஐத் தீர்மானித்துவிடலாம். வரம்புகள் இவை:

```
|E_T| ≤ K(b−a)³ / (12n²)
|E_M| ≤ K(b−a)³ / (24n²)
```

இதில் K என்பது அந்த இடைவெளியில் |f''| எட்டும் பெரும மதிப்பு. நம் சார்புக்கு f'' = (4x² − 2)e^(−x²). அது x = 0-இல் −2-இல் தொடங்கி, ஏறிக்கொண்டே போய் x = 1-இல் 0.7358-இல் முடிகிறது, அதனால் K = 2. சரிவக விதிக்கு 2/(12n²) ≤ 0.0001 என்று போட்டால் n குறைந்தது 41 வரும், நடுப்புள்ளி விதிக்கு 29 போதும். நிஜத்தில் சரிவக விதிக்கு 25 பட்டைகளே போதும், ஆனால் அது விடை தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். வரம்பு சொல்வது "இதற்கு மேல் பிழை போகாது" என்பது மட்டும், பிழை இவ்வளவுதான் என்பதல்ல. தேர்வில் இந்த இரண்டையும் குழப்பி எழுதுபவர்கள் நிறைய.

கே: K-க்கு b-யில் உள்ள f'' மதிப்பைப் போட்டேன். 0.7358. தவறா? விடை கிட்டத்தட்ட சரியாகத்தான் வந்தது.

தவறுதான். இந்தச் சார்பே அதைக் காட்டிக்கொடுக்கிறது பாருங்கள். n = 4 என்று வைத்தால் சரிவக விதி 0.742984 தருகிறது, அதாவது பிழை 0.003840. உங்கள் K-யை வைத்தால் வரம்பு 0.003832. பிழை வரம்பைத் தாண்டிவிட்டது! மயிரிழைதான், ஆனாலும் தாண்டிவிட்டது என்றால் அது வரம்பே இல்லை. K = 2 போட்டால் 0.0104 வரும், தளர்வானது, ஆனால் நம்பலாம்.

பெருமம் எங்கே என்று தேட f'''-ஐப் பாருங்கள். இங்கே f''' = (12x − 8x³)e^(−x²), 0-க்கும் 1-க்கும் இடையில் நேர்க்குறி, அதனால் f'' ஏறுமுகம், இரண்டு முனைகளை மட்டும் ஒப்பிட்டால் போதும். எதிர்க்குறி மதிப்பாக இருந்தாலும் தனிமதிப்பு எடுக்க மறக்காதீர்கள், −2 "சிறியது" என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான சறுக்கல். பெருமத்தைக் கண்டுபிடிக்கவே முடியவில்லையா, மேலே ஒரு எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்: |4x² − 2| ≤ 2, e^(−x²) ≤ 1, ஆகவே பெருக்கல் 2-ஐத் தாண்டாது. K பெரிதானால் பட்டைகள் கொஞ்சம் கூடும், அவ்வளவே.

கே: சரிவகம் இரண்டு முனைகளையும் தொடுகிறது, நடுப்புள்ளி விதி ஒரே ஒரு புள்ளியைத்தான் தொடுகிறது. அப்படியிருக்க நடுப்புள்ளிதான் துல்லியம் என்பது எப்படி?

நல்ல கேள்வி. நடுப்புள்ளி விதியின் செவ்வகத்தை எடுத்து, அதன் மேல்விளிம்பை நடுப்புள்ளியை அச்சாக வைத்து மெல்லச் சாயுங்கள். ஒரு பக்கம் இழந்த பரப்பு மறுபக்கம் கிடைத்துவிடும், மொத்தப் பரப்பு மாறாது. அப்படியானால் சாய்வை வளைகோட்டின் தொடுகோட்டுச் சாய்வுக்கே கொண்டுபோகலாம், அதாவது நீங்கள் செவ்வகம் என்று நினைத்தது உண்மையில் தொடுகோட்டின் கீழ் உள்ள பரப்பு. சரிவகமோ நாணின் கீழ் உள்ள பரப்பு. வளைகோடு மேல்நோக்கிப் புடைத்திருந்தால் தொடுகோடு அதன் மேலேயும் நாண் கீழேயும் கிடக்கும், அதனால் இரண்டு பிழைகளும் எதிரெதிர்க் குறியில் வருகின்றன. பட்டை சின்னதாக இருந்தால் வளைகோடு ஏறக்குறைய பரவளையம்தான், பரவளையத்தில் தொடுகோட்டுப் பிழை நாண் பிழையில் சரிபாதி. 24-க்கும் 12-க்கும் காரணம் இதுதான்.

எண்ணிலும் பார்க்கலாம். n = 4-இல் நடுப்புள்ளி விதி 0.748747 தருகிறது, பிழை 0.001923, எதிர்த்திசையில். நாண் பிழையில் கிட்டத்தட்ட பாதி. அப்புறம் (T + 2M)/3 போட்டால் 0.746826 வரும், இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. சிம்ப்சன் விதி என்று தனியாக மனப்பாடம் செய்கிறோமே, அதுதான் இது.

ஒரு எச்சரிக்கை: T-க்கும் M-க்கும் நடுவில் உண்மை விடை கட்டாயம் இருக்கும் என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. f'' குறி மாறாத இடைவெளியில் மட்டுமே அந்த உத்தரவாதம். நம் சார்பில் x = 0.7071-இல் குறி மாறுகிறது, விடை நடுவில் விழுந்தது நம் நல்ல நேரம். உத்தரவாதம் வேண்டுமென்றால் அந்தப் புள்ளியில் உடைத்து இரண்டு துண்டாகக் கணக்கிடுங்கள்.

கே: ஆய்வகத்தில் அளந்த அட்டவணைதான் இருக்கிறது, f'' எங்கே போய் எடுப்பது?

அங்கே வரம்பு கிடைக்காது, மதிப்பீடு கிடைக்கும். n-ஐ இரட்டிப்பாக்கிப் பாருங்கள். நம் சார்பில் T₄ = 0.742984, T₈ = 0.745866, T₁₆ = 0.746585. அடுத்தடுத்த வித்தியாசங்கள் 0.002882, 0.000719, விகிதம் ஏறத்தாழ 4. விகிதம் 4 பக்கத்தில் இருந்தால் முறை ஒழுங்காக வேலை செய்கிறது, கடைசி வித்தியாசத்தை 3-ஆல் வகுத்தால் T₁₆-இன் பிழை கிடைக்கும்: 0.000240. உண்மையான பிழையும் அதுதான்.

அட்டவணையில் 16 பட்டைகள் இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்து T₈, மறுபடியும் T₄ என்று போங்கள், புதிதாக அளக்க வேண்டியதில்லை. நடுப்புள்ளி விதியில் இந்த வசதி இல்லை, இரட்டித்தால் பழைய புள்ளிகள் எதுவும் பயன்படாது. சரிவக விதியை நான் கைவிடாததற்கு இது ஒன்றே போதுமான காரணம். ஆனால் அளவீட்டிலேயே இரைச்சல் அதிகமிருந்தால் விகிதம் தாறுமாறாக வரும், அப்போது பட்டையைக் கூட்டிப் பயனில்லை.

கே: எக்செலில் n = 4-க்கு 1.4907 வருகிறது. சூத்திரம் சரிதான்.

`=EXP(-A1^2)` என்று எழுதியிருப்பீர்கள். எக்செல் முதலில் கழித்தல் குறியைப் போட்டு அப்புறம்தான் வர்க்கம் எடுக்கும், அதாவது நீங்கள் கணக்கிட்டது e^(x²). `=EXP(-(A1^2))` என்று மாற்றுங்கள். சார்பு எங்கும் 1-ஐத் தாண்டவில்லை, இடைவெளியின் நீளமும் 1, விடை மட்டும் எப்படி 1-ஐத் தாண்டும்?

கே: √x cos x-ஐ 0 முதல் 1 வரை போட்டால் விகிதம் 4 வரவே இல்லை, 2.8, 2.9 என்று வருகிறது.

x = 0-இல் f'' எல்லையில்லாமல் பெரிதாகிறது, அதனால் K என்று ஒன்று இல்லை, மேலே எழுதிய வரம்பு இங்கே செல்லாது. விடை உண்மை மதிப்பை நோக்கித்தான் போகும், ஆனால் பிழை n²-க்குப் பதில் n^1.5 வேகத்தில் குறையும். இரட்டிக்கும்போது 2^1.5, அதாவது 2.83 மடங்கு, உங்களுக்கு வந்த எண்ணே சாட்சி. பட்டையைக் கூட்டிக்கொண்டே போகாமல் x = t² என்று மாற்றுங்கள், தொகையீடு 2t² cos(t²) ஆகிவிடும், எல்லைகள் அதே 0, 1. இதில் மூலமே இல்லை, f'' எங்கும் அடக்கமாக இருக்கிறது, K எடுக்கலாம், விகிதமும் 4-க்குத் திரும்பும்.